மறுகால் தண்ணீரா, குத்தகைக் குஞ்சா? முன்மொழிவுப் பேச்சின் ஸ்லைடு வரிசை

எம்.எஸ்சி. விலங்கியல், சிவகங்கை மாவட்டக் கண்மாய் மீன்கள். பேச 15 நிமிடம், கேள்விக்கு 10. மொத்தம் பத்து ஸ்லைடு. விடுதி அறையில் முதல்முறை சொல்லிப் பார்த்தபோது 19 நிமிடம் ஆனது. அதில் ஆறு நிமிடம் மீன் பெயர்களுக்கே போயிற்று. அந்தப் பட்டியலைத் தூக்கிவிட்டேன்.

ஸ்லைடு 1 (0:00–0:20). தலைப்பு, என் பெயர், நெறியாளர் பெயர். வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

ஸ்லைடு 2 (0:20–1:30). கண்மாய் நிறைந்து மிஞ்சிய நீர், அதாவது மறுகால், கலிங்கில் பாயும் ஒரே ஒரு படம். சொல்வது: "தமிழகத்தில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. பல தனித்தனி அல்ல. ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்து. வடகிழக்குப் பருவமழையில் கலிங்கு வழியும்போது மீன் கீழே இறங்கும். எதிர்த்து ஏறவும் செய்யும். சிறுவர்கள் கலிங்கடியில் ஊத்தாவோடு நிற்பது அதனால்தான்."

ஸ்லைடு 3 (1:30–3:00). கேள்வி மட்டும், பெரிய எழுத்தில்: "ஒரு கண்மாயில் எந்த மீன்கள் கூடி வாழ்கின்றன என்பதை முடிவு செய்வது, கண்மாய்ச் சங்கிலியில் அதன் இடமா, குத்தகைதாரர் விடும் குஞ்சா?" எதிர்பார்ப்பு: கீழ்க் கண்மாய்களில் நாட்டு மீன் வகைகள் கூடுதல், கட்லா, ரோகு விட்ட கண்மாய்களில் அயிரை, உளுவை, குரவையின் பங்கு குறைவு. இங்கே ஒரு மூச்சு நிறுத்தம்.

ஸ்லைடு 4 (3:00–4:00). முந்தைய ஆய்வுகள். வகைப் பட்டியல்கள் நிறைய, சங்கிலியோடு ஒப்பிட்டவை நான் படித்தவற்றில் சொற்பம். ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குள் வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடக்கலாம்.

ஸ்லைடு 5 (4:00–6:00). கையால் வரைந்த வரைபடம். இரண்டு சங்கிலி, ஒவ்வொன்றிலும் நான்கு கண்மாய்: மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு இணையிலும் ஒன்று குஞ்சு விடப்பட்டது, மற்றது விடப்படாதது. மீன்பாசி குத்தகைதாரர்களிடமும் ஊராட்சியிடமும் இசைவு பெற்றாயிற்று என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஸ்லைடு 6 (6:00–9:30). இதற்குத்தான் அதிக நேரம். கேள்விகள் இங்கிருந்துதான் கிளம்பும். "20, 40, 60 மி.மீ. கண்ணி கொண்ட மூன்று செவுள் வலைகள், மாலை 5.30 முதல் 7.30 வரை. இரவு முழுவதும் விட்டால் குத்தகை மீன் செத்துப்போகும். மறுமுறை கரையில் நிற்க விடமாட்டார்கள். செவுள் வலையில் அயிரை விழாது. ஆகவே கோரை ஓரத்தில் கொசுவலைத் துணியால் தைத்த இழுவலை, ஐந்து இழுப்பு. அளந்த மீன் திரும்ப நீருக்கு. டிசம்பர், ஜனவரி, மார்ச் என மூன்று சுற்று. ஒவ்வொரு முறையும் மடையருகே ஆழம் அளக்கப்படும்." அடுத்து நிதானமாக: "மார்ச்சில் தண்ணீர் வற்ற வற்ற மீன் நெருங்கும், வலையில் அதிகம் விழும். மீன் பெருகிவிட்டது என்று பொருளல்ல. அதனால் எண்ணிக்கையை விட்டு, ஒவ்வொரு வகையின் பங்கையே ஒப்பிடுகிறேன்."

ஸ்லைடு 7 (9:30–10:30). அடையாளம் காணல். கெண்டைக் குஞ்சுகளில்தான் குழப்பம் வரும். ஐயமானவற்றில் வகைக்கு மூன்று மட்டும் ஃபார்மலினில்.

ஸ்லைடு 8 (10:30–12:00). பகுப்பாய்வு. இரண்டு கண்மாய்களின் மீன் கலவை எவ்வளவு விலகுகிறது என அளக்கும் பிரே-கர்டிஸ் வேறுபாடு, கண்மாய்களைக் குழு மாற்றிப் பிரித்துப் பார்த்துச் சோதிக்கும் பெர்மனோவா. "என்னிடம் 24 மாதிரிகள் இருந்தாலும் கண்மாய்கள் எட்டுதான். சுற்றுகளை ஒன்றாக்கிக் கண்மாயையே அலகாக வைக்கிறேன். எட்டை நான்கு நான்காகப் பிரிக்க 70 வழிகள். எதிரெதிர்ப் பிரிப்பு இரண்டும் ஒரே விடை தரும் என்பதால், கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 2/70, அதாவது 0.029. எனவே பி மதிப்பைவிட வேறுபாட்டின் அளவையே முன்வைப்பேன்." கேட்குமுன் நாமே சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி அடங்கும்.

ஸ்லைடு 9 (12:00–13:15). எல்லைகள். ஒரே பருவம். கலிங்கு வழியாத ஆண்டாக அமைந்தால் இணைப்பே இருக்காது. அப்போது கேள்வி, சென்ற மழையில் வந்து தங்கிய மீன்களைப் பற்றியதாக மாறும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஸ்லைடு 10 (13:15–14:00). கால அட்டவணை, செலவு. வலை, பரிசல் வாடகை, பஸ் கட்டணம். படித்துக் காட்டத் தேவையில்லை.

மீதி ஒரு நிமிடம் காலியாகவே இருக்கட்டும். ப்ரொஜெக்டர் எப்படியும் அதைத் தின்றுவிடும். 9:30ஐத் தாண்டியும் ஆறாவது ஸ்லைடிலேயே நின்றால், ஏழாவதை விட்டு நேரே எட்டுக்கு.

கேள்விநேரத்துக்காகப் பத்தாவதற்குப் பின்னால் இரண்டு ஸ்லைடுகள் ஒளித்து வைத்திருக்கிறேன்: தூக்கிய அந்த மீன் பட்டியல் ஒன்று, வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விழுந்தால் திரும்ப விடாமல் பதிவு செய்து மீன்வளத் துறைக்குத் தெரிவிக்கும் முறை மற்றொன்று.