அறுந்து விழுந்த மின்கம்பியால் மூன்று மாடுகள் இறந்தது குறித்து

பெறுநர்: பிரிவுப் பொறியாளர், மின் அலுவலகம்

பொருள்: 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை என் வயலில் உயரழுத்தக் கம்பி அறுந்து கிடந்ததில் இரண்டு பசுக்களும் ஒரு கிடாரியும் இறந்தது

ஐயா, வணக்கம்.

செவ்வாய் காலை வந்த லைன்மேன் தன் குறிப்பேட்டில் "மாடுகள் கம்பியை மிதித்ததால் இறப்பு" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். நடந்தது அது இல்லை. மூன்றில் ஒன்றுதான் கம்பியைத் தொட்டது. அதைவிட முக்கியமாக, மாடுகள் வயலுக்குள் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்தக் கம்பி விழுந்துவிட்டது, அதன் பிறகு லைனில் மறுபடி மின்சாரம் விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் நடந்ததை நேரத்தோடு எழுதித் தருகிறேன்.

விடியற்காலை நாலு இருபது வாக்கில் பலமாகக் காற்று அடித்தது. மழை அவ்வளவாக இல்லை, தூறல்தான். டப்பென்று ஒரு சத்தம், உடனே கரண்ட் போய்விட்டது. காற்றுக்குப் போவது வழக்கம்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது, ஆனால் சரியாக வரவில்லை. முன்னறையில் பல்பு சிவப்பாக முணுக்கென்று எரிந்தது, ஃபேன் சுற்ற மாட்டாமல் சுற்றியது, பின்கட்டு லைட் மட்டும் நன்றாக எரிந்தது. கிணற்று மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன், உறுமியதே தவிர ஓடவில்லை. சுருள் கருகிவிடும் என்று உடனே அணைத்துவிட்டேன். மூன்று பேஸில் ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் என்ன வேண்டும்? எனக்கே அது புரிந்தது. ஆனால் கம்பியே அறுந்திருக்கும் என்று தோன்றவில்லை, டிரான்ஸ்பார்மரில் பீஸ் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் புகார் எண்ணுக்குப் போன் செய்து, "ஒரு பேஸ் இல்லை, மோட்டார் உறுமுகிறது" என்று சொன்னேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். புகாரைப் பதிந்துகொண்டு, காலையில் ஆள் வருவார் என்றார். லைனை அணைக்கிறேன் என்றோ, கம்பி எங்காவது விழுந்து கிடக்கிறதா என்றோ ஒரு வார்த்தை இல்லை.

ஆறே கால் மணிக்கு மாடுகளை அவிழ்த்துவிட்டேன். இரண்டு கறவைப் பசுக்கள், அதில் பெரியது ஏழு மாதச் சினை. ஒரு கிடாரி, ஒரு கன்று. வழக்கமாக வரப்போரம் மேய்ந்துகொண்டே தாமாக மேட்டு வயலுக்குப் போகும், நான் பின்னால் மெதுவாகப் போவேன். அன்று நான் ஐம்பது அடி பின்னால் இருந்தேன். முந்தின நாள் மாலைதான் அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தேன், மண் ஈரம்.

முதலில் கிடாரி விழுந்தது. கத்தவே இல்லை, நாலு காலும் விறைத்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. என்ன ஆயிற்று என்று பெரிய பசு அதை நோக்கி நாலு அடி எடுத்து வைத்தது, அதுவும் போயிற்று. சின்னப் பசு திரும்பப் பார்த்தது, திரும்பிய இடத்திலேயே மடங்கியது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பாம்பு என்றுதான் நினைத்தேன். ஓடினேன். கிட்டத்தட்ட பதினைந்து அடி தூரத்தில் வெறுங்காலில் சுருக்கென்று ஏறியது, தொடை வரை. அப்போதுதான் புல்லுக்குள் கம்பி கிடப்பது தெரிந்தது. அது கிடந்த நீளத்துக்குப் புல் கருகி ஒரு கறுப்புக் கோடு, ஒரு இடத்தில் ஈர மண்ணிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, காது கொடுத்தால் வண்டு இரைவது போல ஒரு சத்தம். முன்பு ஒரு லைன்மேன் சொல்லியிருந்தார், இப்படி மாட்டிக்கொண்டால் ஓடாதே, இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளியே வா என்று. அப்படித்தான் வந்தேன். கன்று பின்தங்கி வந்ததால் பிழைத்தது. அதைக் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்து மரத்தில் கட்டினேன்.

ஆறரைக்குத் திரும்பப் போன் செய்தேன். லைன் அணைந்தது ஏழு பத்துக்கு. இந்த நாற்பது நிமிடமும் நானும் என் மனைவியும் பாதையின் இரண்டு பக்கமும் நின்று, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தோம். கம்பியை விட்டு நன்றாகத் தள்ளித்தான் நின்றோம்.

கால்நடை மருத்துவர் மதியமே வந்து பரிசோதித்தார். கிடாரிக்கு முன்னங்காலில் கம்பி பட்ட தீக்காயம் தெளிவாக இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் உடம்பில் கம்பி பட்ட தடமே இல்லை, பெரிய பசுவின் வாயில் மென்ற புல் அப்படியே இருந்தது. விழுந்த இடத்திலிருந்து கம்பிக்கு நான் கயிறு பிடித்து அளந்தேன்: பெரிய பசுவுக்கு ஏழு அடி, சின்னதற்கு பத்து அடி. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் நாலைந்து அடி இருக்கும், ஈர மண்ணில் அந்த இடைவெளிக்குள் வரும் மின்னழுத்தம் நெஞ்சு வழியாகவே போகிறது. மனிதன் தப்பும் இடத்தில் மாடு சாவது இதனால்தான். ஆகவே "மிதித்ததால்" என்ற வார்த்தையைத் திருத்தி எழுத வேண்டும். நாளைக்கு இழப்பீட்டுக் கோப்பைப் பார்ப்பவர், மாட்டைப் பார்த்து ஓட்டாதது விவசாயியின் தவறு என்று அந்த ஒரு வார்த்தையை வைத்தே முடித்துவிடுவார்.

இனி நான் கேட்பது. நாலு இருபதுக்கு லைன் ட்ரிப் ஆனதும், பத்து நிமிடத்தில் யாரோ திரும்பப் போட்டதும் துணைமின் நிலையப் பதிவேட்டில் இருக்கும். லைனை நடந்து பார்க்காமல் ஏன் போடப்பட்டது? போட்ட பிறகு கம்பி தரையில் கிடந்தும் ஏன் திரும்ப ட்ரிப் ஆகவில்லை? வரப்பு மேட்டில் காய்ந்த புல் மேல் பாதிக் கம்பி கிடந்தது, அதனால் கசிவு குறைவாக இருந்திருக்கலாம், ஆனால் அதை நான் ஊகிக்கக்கூடாது, உங்கள் ரிலேயைச் சோதித்து நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். என் ஐந்து மணிப் புகாரும் பதிவில் இருக்கும், அதையும் இந்தக் கோப்பில் சேருங்கள்.

அறுந்தது 17ஆம் கம்பத்துக்கும் 18ஆம் கம்பத்துக்கும் நடுவே, பழைய ஒட்டு இருந்த இடத்தில். முனையில் இழைகள் பாதி பழைய கறுப்பாகவும் பாதி புதுப் பளபளப்பாகவும் இருக்கின்றன, அதாவது பாதி இழைகள் எப்போதோ போய்விட்டன. அந்த இடத்தில் கம்பி தொய்ந்து தொங்குவதை அறுவடை சமயத்திலேயே நேரில் வந்து சொன்னேன். ஆறடி நீளத் துண்டு ஒன்றை வெட்டி என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள், அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். தற்போது மறுபடியும் ஒட்டுப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த இடைவெளி முழுவதற்கும் ஒட்டில்லாத புதுக் கம்பி இழுக்க வேண்டும்.

மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றையும், புதைப்பதற்கு முன் எடுத்த பன்னிரண்டு படங்களையும், அழைப்புகளின் நேரம் தெரியும் போன் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறேன். இழப்பீட்டுக்கான விண்ணப்பம் தனியாக வரும். சினைப் பசுவை வெறும் பசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பார்வையிட வருபவர் கறுப்புக் கோடு அழிவதற்குள் வந்தால் நல்லது. அந்த வயலை இன்னும் உழாமல் விட்டிருக்கிறேன், நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். காலை பத்து மணி வரை அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
மேட்டு வயல் விவசாயி, கிணற்று மோட்டார் இணைப்புதாரர்