பாப்பா பேர் இல்லாத கவிதை

எல்லாருக்கும் வணக்கம், இந்த மாச சவாலுக்கு என்னோடது இது. மெய் வரிசைல 15ஆம் நம்பர்ல ஒருத்தர் இருக்காரே, வ-வுக்கும் ள-வுக்கும் நடுவுல, அவரு ஒரு தடவ கூட வரக்கூடாதுன்னு எடுத்துக்கிட்டேன், புள்ளி வெச்சும் வரமாட்டாரு, கொம்பு கால் போட்டும் வரமாட்டாரு. தலைப்புலயும் இல்ல, இந்த முன்னுரையிலயும் இல்ல, ஏன்னா போன தடவ முன்னுரையிலயே மாட்டிக்கிட்டு 11 பேருக்கு டீ வாங்கிக் குடுத்தவன் நான். சத்தமா படிக்கப் போறதால எண்ணா போட்டும் தப்பிக்கறதில்லன்னு முடிவு, ஆறுக்கு அடுத்த எண்ண வாய்ல சொன்னா அவரு வந்துருவாருல்ல. மதுரைப் பக்கம் மாதிரி ள போட்டோ, சென்னைல சில பேர் மாதிரி ய போட்டோ ஒப்பேத்தினா அதுவும் கள்ளாட்டம்தான் (கள்ளாட்டத்துக்கு இன்னும் நல்ல பேர் ஒண்ணு இருக்கு, பாத்தா அதுலயும் இவரு). பென்சிலோட உக்காந்துருக்கறவங்க எண்ணிக்கோங்க.

*

மொதல்ல கணக்கு.
248க்கு ஒண்ணு கம்மியா நம்ம கிட்ட இருக்கு,
அதுல 13 பேர வெளிய அனுப்பிட்டேன்,
மிச்சம் 234,
நம்ம சட்டசபைல எத்தன சீட்டோ சரியா அத்தன,
மெஜாரிட்டி இருக்கு, ஆட்சி நடத்திரலாம்னு நெனச்சேன்.

மொத நாள் காலைலயே கவுந்துருச்சு.

பாப்பாவ எந்திரின்னு சொல்லலாம், பல்லு வெளக்குன்னு சொல்லலாம்,
அடுத்து மொகத்த என்ன பண்ணச் சொல்றது,
தண்ணி ஊத்தித் தொடைன்னேன்,
நாலு வயசு, ஆனா என்னைய ஒரு மாதிரி பாத்தா.
நல்லவேளை பைப்பு பைப்புதான், பக்கெட்டு பக்கெட்டுதான்.
சோத்துக்கு சாம்பாரோ ரசமோன்னா பொட்டுன்னு சொல்லிருவேன்,
எங்கம்மா சுண்டவத்தலும் புளியும் போட்டு எண்ண மெதக்க எறக்குவாங்களே,
அத கேக்க எனக்கு வார்த்தையே கெடையாது,
"அந்த கருப்பா புளிப்பா இருக்கறத கொஞ்சம்"னு சட்டியப் பாத்து கைய நீட்டினேன்,
"ஏன்டா பேரு மறந்து போச்சா"ன்னு அம்மா.
தட்டுல கெடக்கறத சிக்கன்னு சொல்லிரலாம்,
அதுவே திண்ணைல குஞ்சுங்களோட கிளறிக்கிட்டு நடக்கறப்ப
அத பாத்து சிக்கன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது.
இன்னைக்கு என்ன நாள்னு யாராச்சும் கேட்டா திங்கள், புதன்னு பாதியோட வாய மூடிக்கணும்,
செவ்வாய்னு மொட்டையா சொன்னதுக்கு
பக்கத்து வீட்டு ஜோசியர் "பொண்ணுக்கா பையனுக்கா"ங்கறாரு.

*

திருச்சிலேர்ந்து தஞ்சாவூருக்கு பஸ்ல போனோம்,
பெரிய கோயில் கோபுரத்த அண்ணாந்து பாத்துட்டு
"இத யாருப்பா கட்டுனா"ன்னு கேட்டா,
ராஜராஜன்னேன், அதோட பிரேக்க போட்டேன்,
பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்ற வம்சப் பேர வாய்க்குள்ளயே மடிச்சு வெச்சுக்கிட்டேன்,
1010லேர்ந்து நிக்கற கல்லுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு
ராஜாவுக்கு பாதிப் பேர் குடுத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருக்கணும்.
சேரன் வர்றாரு, பாண்டியன் வர்றாரு, பல்லவன் கூட வர்றாரு,
இந்த ஊர்க்காரரு மட்டும் சொந்த ஊர்லயே வாசலோட நிக்கறாரு.

கல்லணைய கரிகாலன வெச்சு சமாளிச்சேன்.
மதுரை பக்கத்துல தோண்டிக்கிட்டே இருக்காங்களே,
பானை ஓட்டுல கீறுன பேரெல்லாம் கெடைக்குதே, அந்த ஊரு அவுட்டு.
கேரளால அல்வாவுக்கு பேர் போன ஊரு அவுட்டு,
கடலுக்கு அந்தப் பக்கம் 1981ல நூலகத்த எரிச்சாங்களே,
அந்த ஊரும்,
அத மட்டும் தாண்டிப் போறப்ப வெளையாட்டு கசந்துச்சு,
பேனாவ கொஞ்ச நேரம் வெச்சுட்டேன்.

சரி, இதெல்லாம் என்ன பாஷைல சொல்லிக்கிட்டிருக்கேன்னு கேளுங்க,
பாஷைன்னு சொல்லலாம், அதுக்கு மேல முடியாது.
மூணே மூணு நாற்காலி,
த வந்துட்டாரு, மி வந்துட்டாரு,
மூணாவது காலியா கெடக்கு,
யாரோ துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்ச மாதிரி.

*

அவரப் பத்தியும் நாலு வார்த்த சொல்லணும், பாவம்.
எந்த வார்த்தைலயும் முன்னாடி வந்து நிக்கற ஆளு இல்ல,
நடுவுல இல்லைன்னா கடைசில,
கல்யாணத்துக்கு அத்தன வேலையும் பாத்துட்டு
கடைசிப் பந்தில போய் உக்காரற சித்தப்பா மாதிரி.
க கூட க சேந்து அக்கான்னு வரும், ம கூட ம சேந்து அம்மான்னு வரும்,
இவரு தன்னோட தானே ஜோடி சேரமாட்டாரு, எப்பவும் ஒத்த ஆளு.
ம போடற மாதிரியே ஆரம்பிப்பாரு, ஏமாந்துறாதீங்க,
கடைசில வால சுருட்டிக்குவாரு.
இங்கிலீஷ்ல இவர தூக்க இசட்டு ஒண்ணு எச்சு ஒண்ணுன்னு ரெண்டு ஆளு வேணும்,
தூக்கிட்டுப் போயும் தப்பான வீட்ல எறக்கி விட்டுட்டு வர்றாங்க,
டெல்லில ஒரு ஆபீசர் என் பொண்ணு பேர படிச்சப்ப
அது ஏதோ ஜிப்பு போடற சத்தம் மாதிரி கேட்டுச்சு.

குறள்ல 341ஆவது இருக்கே, சொல்லிப் பாருங்க,
உதடு ரெண்டும் ஒரு தடவ கூட ஒட்டாது,
எதெத விடறோமோ அததால நோவு இல்லைன்னு சொல்றாரு மனுஷன்,
சொல்லிக்கிட்டே ப ம வ மூணு பேரையும் சத்தமில்லாம விட்டுட்டுப் போயிட்டாரு, ஒண்ணே முக்கால் அடில.
நான் ஒருத்தர விட்டுட்டு
நாலு பக்கத்துக்கு நோவு நோவுன்னு பொலம்பிக்கிட்டிருக்கேன்.

*

இவ்ளோ பாடும் எனக்குத்தான்,
பாப்பாவுக்கு ஒரு பாடும் இல்ல,
அவ பேச ஆரம்பிச்சதுலேர்ந்தே இந்த சவால்லதான் இருக்கா.
வானத்துலேர்ந்து வர்ற தண்ணி, தோல உரிச்சு திங்கற மஞ்ச கனி,
தலைக்கு மேல பறக்கற கருடனோட சொந்தக்காரன்,
எல்லாத்துலயும் அவர எறக்கி விட்டுட்டு ய-வ ஏத்திக்குவா,
போய்க்கிட்டே இருப்பா.
அவ பேரு இருக்கே, நானே மூணு மாசம் தேடி வெச்ச பேரு,
பொறந்த அன்னைக்கு பார்ம்ல போடறப்ப நர்சம்மா ரெண்டு தடவ கேட்டாங்க, நான் ரெண்டு தடவையும் பெருமையா சொன்னேன்,
அந்த பேருக்கு நட்ட நடுவுல கால் மேல கால் போட்டு உக்காந்துருக்காரு இவரு.
அதான் இதுல வரிக்கு வரி பாப்பா, பாப்பான்னு வருது, மன்னிச்சுக்கோங்க.
அவளும் தன் பேர முறையா சொன்னதில்ல,
மாடிப் படில ஒரு படிய தாண்டிக் குதிக்கற மாதிரி
அந்த எடத்த தாண்டிருவா.

எங்கம்மாவுக்கு இது பொறுக்காது,
முப்பத்தி ஒரு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவங்க,
சாயங்காலம் ஆனா பேத்திய எதிர்ல உக்கார வெச்சு ஒரு சீப்ப நடுவுல வெப்பாங்க.
(பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன்,
குடும்பத்துல ஒவ்வொருத்தர் பேரும் சொல்லலாம்,
குடும்பப் பேர் மட்டும் சொல்லக்கூடாது, பாத்துக்கோங்க.)
"நாக்க பின்னால மடி கண்ணு, அண்ணத்த தொடாத,
தொட்டா அது பக்கத்து வீட்டு ள,
தொடறதுக்கு முந்தியே நிறுத்திக்கோ."
பாப்பா நாக்க வெளிய நீட்டி
ஆள்காட்டி வெரலால உள்ள மடிச்சு விட்டுக்கிட்டா,
எச்சி கை முட்டி வரைக்கும் வடியுது,
வெரல எடுத்த ஒடனே நாக்கு படக்குன்னு பாய விரிச்சு படுத்துக்குச்சு.

அப்பறம் அந்த வரி, நாக்கு பெரளணும்னு எல்லா வீட்லயும் சொல்லித் தருவாங்களே, ஒரு பெரியவரு சறுக்குவாரே,
அத நான் இங்க எப்படி சொல்றது.
காசு பணமில்லாத தாத்தா ஒருத்தரு
ரஸ்தாளித் தோல் மேல கால வெச்சு
சருசருன்னு சறுக்கி
தரைல மல்லாந்தாரு.
இவ்ளோதான் என்னால முடிஞ்சுது.
ஒரு வார்த்த மிஞ்சல, தாத்தாவுக்கு அடி மட்டும் பட்டுருக்கு.

பாப்பா அத பத்து தடவ சொன்னா, பத்து தடவையும் ய.
"அப்பாயி, தாத்தாவுக்கு வலிச்சுதா?"
அம்மா ஒண்ணும் சொல்லாம ஒரு கற்பூரவல்லிய உரிச்சுக் குடுத்தாங்க.

*

நேத்து ராத்திரி.
மாடில தகர ஷெட்டு மேல மொதல்ல ஒண்ணு ரெண்டா தட்டுச்சு,
அப்பறம் கடலை வறுக்கற மாதிரி சடசடன்னு ஒரே சத்தம்,
கரண்ட்டு போச்சு,
நான் இந்த கவிதைல நாலாவது பக்கத்த அடிச்சு அடிச்சு கந்தலாக்கிக்கிட்டு செல்போன் லைட்டுல உக்காந்துருந்தேன்.
பாப்பா ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா,
மொகத்துல தெறிக்குது, தொடைக்கல.
"அப்பா"ன்னா.
அப்பறம் ரெண்டே ஒலி.
ம-ல ஆரம்பிச்சா,
நாக்கு உள்ள போனது அந்த லைட்டுல எனக்கு தெரிஞ்சுது,
பின்னால மடிஞ்சுது, அண்ணத்த தொடல,
நின்னுச்சு.

கிச்சன்லேர்ந்து எங்கம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க,
"இன்னொரு தரம் சொல்லு"ன்னாங்க,
அவ சொன்னா, இன்னொரு தரம், இன்னொரு தரம்,
வெளிய பெய்யறத விட இவ பெஞ்சதுதான் ஜாஸ்தி.
இவ அம்மா போன்ல ரெக்கார்டு பண்ணிட்டா, கேளுங்க, தனியா அனுப்பறேன்,
இந்த பேப்பர்ல ஒட்ட முடியாது.

*

காலைல தட்டுல ரெண்டு இட்லி.
அவ அத இட்லின்னு சொல்லல,
லி-ய எறக்கி விட்டுட்டு அங்க இவர உக்கார வெச்சுட்டா.
செவுத்துல பல்லி,
அதுலயும் இவரு, ரெட்டையா,
ஜோடி சேரமாட்டாருன்னு மேல பெருசா சொன்னேன்ல, பல்லில சேந்துட்டாரு.
பால் டம்ளர், வெள்ளரிக்கா, பள்ளிக்கூடம், நெயில் பாலிஷ், எதையும் விடல,
"அங்க வேணாம் கண்ணு, அங்க ல-வே போதும்"னு அம்மா பின்னாடியே ஓடறாங்க,
அவ கேக்கறதா இல்ல,
நான் வெளிய அனுப்புன 13 பேரையும்
ரோட்லேர்ந்து பொறுக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள விட்டுட்டா,
ஆளுக்கொரு எடத்துல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்க.

தட்ட நீட்டி "அப்பா, இன்னொரு"ங்கறா.
இன்னொரு என்னன்னு அவ சொன்னத நான் சொன்னா
உங்க 11 பேருக்கும் டீ.