12 வாரத் தோள்பட்டைப் பயிற்சி: உட்கார்ந்தபடியே, இழுப்பு முதலில்

தம்பி, போன வாரம் நீ எழுதியிருந்ததை எல்லாம் வைத்துத்தான் இதைத் தயார் செய்திருக்கிறேன். வயது 29, டி10 அளவில், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பின் பத்தாவது கணுவில், தண்டுவடக் காயம், 14 மாதம் ஆகிறது, நாள் முழுக்க கையால் தள்ளும் வீல்சேர், வலது தோளின் முன்பக்கம் சாயங்காலத்தில் லேசான வலி, டாக்டர் பார்த்துவிட்டு கிழிசல் எதுவும் இல்லை, பயிற்சி செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது மூன்று பலத்தில் ரப்பர் பேண்ட், கதவில் மாட்டும் கொக்கி, 10 கிலோ வரை எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி. போதும். ஆரம்பிக்கும் முன் இந்தத் தாளை உன் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடு.

நீ கேட்டது பெரிய மார்பும் கையும். நான் தருவதில் பாதிக்கு மேல் முதுகு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்தால் இரண்டாவது வாரமே சலித்துவிடும். சக்கரத்தைத் தள்ளும் ஒவ்வொரு தள்ளலிலும் வேலை செய்வது மார்புத் தசையும் தோளின் முன்பக்கத் தசையும். அதை நீ தினமும் ஆயிரக்கணக்கான முறை செய்கிறாய். தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும், கை எலும்பின் உருண்டையைக் குழியின் நடுவில் நிறுத்தி வைக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகளுக்கும் அந்த அளவு பயிற்சி கிடைப்பதே இல்லை. முன்பக்கம் இறுகி, பின்பக்கம் தளர்ந்து, தோள் முன்னால் உருண்டு வந்துவிடும். அப்புறம் கையைத் தூக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் எலும்புக்குக் கீழே தசைநாண் உரசி நசுங்க ஆரம்பிக்கும். உன் வலது தோள் சொல்வது அநேகமாக இதைத்தான்.

எனக்கு 17 வருடமாக வீல்சேர்தான். முதல் மூன்று வருடம் பெஞ்ச் பிரஸும், நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்குவதும் மட்டுமே செய்தேன். ஒருநாள் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறும்போது இடது தோள் பிடித்துக்கொண்டது. நாலு மாதம் யாராவது தூக்கி உட்கார வைத்தால்தான் உண்டு. நடக்கிறவருக்குத் தோள் வலித்தால் தோளை ஓய்வாக வைத்துக்கொண்டு நடமாடலாம், நமக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் ஒரு தள்ளலுக்கு இரண்டு இழுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறேன், அதை மாற்றாதே.

உட்காருவதற்கு முன்

சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு வா. இரண்டு பிரேக்கையும் போடு, அதற்கு முன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் உருட்டு, அப்போது முன்சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பி நிற்கும், பேண்டை இழுக்கும்போது முன்பக்கம் கவிழாது. பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரம் இருந்தால் இறக்கி விடு, இல்லையென்றால் முதுகுச் சாய்வு சுவரை ஒட்டி இருக்கட்டும். உனக்கு மேல் வயிறு ஓரளவு வேலை செய்கிறது, ஆனாலும் முதல் நாலு வாரம் மார்புக்குக் கீழே ஒரு பெல்ட் கட்டிக்கொள். விழாமல் இருக்கவே பாதி பலம் போய்விட்டால் தோளுக்கு என்ன மிஞ்சும்?

கதவுக் கொக்கியை இழுத்தால் திறந்துகொள்ளாத பக்கமாக மாட்டி, கதவைப் பூட்டிவிட்டு ஆரம்பி. பேண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார், முகத்துக்கு நேராக அறுந்தால் கண் போகும்.

சூடேற்றம், 8 நிமிடம்

பயிற்சி இல்லாத நாளிலும் இதைச் செய். கையைத் தொங்கவிட்டு தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னாலும் கீழேயும் இழுத்து 3 விநாடி பிடி, 15 முறை. காதை நோக்கித் தோளைத் தூக்காதே, வேலை முழுக்கக் கழுத்துக்குப் போய்விடும். அடுத்து மெல்லிய பேண்டை மார்புக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் விரி, 15 முறை, 2 செட். கடைசியாக முதுகுச் சாய்வின் மேல் விளிம்பில் நடுமுதுகை வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, மூச்சை விட்டபடி மெதுவாகப் பின்னால் வளை, 8 முறை. சுவரோ குட்டிச் சக்கரமோ பின்னால் இல்லாமல் இதை மட்டும் செய்யவே செய்யாதே.

திங்கள்

ரோ, அதாவது துடுப்புப் போடுவது போல பேண்டை உன்னை நோக்கி இழுப்பது: கொக்கி மார்பு உயரம். முழங்கை விலாவை உரசியபடி பின்னால் போகட்டும், கடைசியில் ஒரு விநாடி நிறுத்தி, திரும்ப 3 விநாடி எடுத்து விடு. 12 ரெப், 4 செட். இந்த ஒரு பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

மேலிருந்து இழுப்பு: கொக்கி கதவின் உச்சியில், பேண்டை மார்பின் மேல்பகுதிக்கு இழு, கழுத்துக்குப் பின்னால் ஒருபோதும் வேண்டாம். 10 ரெப், 3 செட். விலாவோடு ஓடும் இந்தப் பெரிய முதுகுத் தசைக்கு நரம்பு கழுத்திலிருந்து வருவதால் உனக்கு முழுசாக வேலை செய்யும், இடுப்பு வரை பற்றியிருப்பதால் உடம்பை நேராக நிறுத்தவும், இடம் மாறும்போது உடலைத் தூக்கவும் அதுதான் துணை.

மார்பு பிரஸ்: பேண்டை முதுகுச் சாய்வுக்குப் பின்னால் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து முன்னால் தள்ளு. முழங்கை தோள் உயரத்துக்கு வேண்டாம், உடம்பிலிருந்து பாதி தூரம் விலகி இருந்தால் போதும். 10 ரெப், 3 செட்.

வெளிச்சுழற்சி: ஒரு சின்னத் துண்டை மடித்து விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் வை, முழங்கை 90 டிகிரி, பக்கத்தில் மாட்டிய மெல்லிய பேண்டை வெளிப்பக்கம் திருப்பு. 15 ரெப், 3 செட், இரண்டு கைக்கும். சின்னப் பயிற்சியாகத் தெரியும், கனமான பேண்டை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதே. ரொட்டேட்டர் கஃப் சின்னத் தசை, எடை கூடினால் அது விலகிக்கொண்டு பெரிய தசை வேலையை வாங்கிக்கொள்ளும்.

வியாழன்

முகத்தை நோக்கி இழுப்பு: கொக்கி கண் உயரம், கட்டைவிரல் பின்னால் பார்க்க, முழங்கையை விரித்து நெற்றியை நோக்கி இழு, 15 ரெப், 3 செட். அடுத்து ஒற்றைக் கை டம்பெல் ரோ, மறு முன்கையை மேஜை மேல் வைத்து முன்னால் சாய்ந்து, 10 ரெப், 3 செட். 5 கிலோவில் ஆரம்பி.

தலைக்கு மேல் பிரஸ்: முதல் நாலு வாரம் இது இல்லை. அதற்குப் பதில் 1 கிலோ டம்பெல், கட்டைவிரல் மேலே பார்க்க, நேர் பக்கவாட்டாக இல்லாமல் 30 டிகிரி முன்னால் தள்ளிய கோணத்தில் தோள் உயரம் வரை மட்டும் தூக்கு, 12 ரெப், 2 செட். அந்தக் கோணத்தில்தான் தோள்மூட்டுக்கு இடம் அதிகம் கிடைக்கும். ஐந்தாவது வாரம் வலது தோள் அமைதியாக இருந்தால் ஒற்றைக் கையாக, உள்ளங்கை முகத்தைப் பார்க்க, 3 கிலோவில் 8 ரெப், 2 செட். மறு கை சக்கரத்தைப் பிடித்திருக்கட்டும்.

ட்ரைசெப்ஸ்: உச்சியில் மாட்டிய பேண்டை முழங்கை நகராமல் கீழே அழுத்து, 12 ரெப், 3 செட். அதே பேண்டோடு கடைசியாக முழங்கையை நேராக வைத்தே தோளை மட்டும் காதிலிருந்து கீழே அழுத்து, 10 ரெப், 2 செட். இடம் மாறும்போது தேவைப்படுவது சரியாக இந்த அசைவுதான்.

சனிக்கிழமை பேண்டு எதுவும் இல்லை. 20 நிமிடம் சமதளத்தில் மூச்சு வாங்கும் வேகத்தில் தள்ளு, பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற அளவு. பிறகு கதவு நிலையில் முன்கையைத் தோளுக்குச் சற்றுக் கீழே வைத்து மார்பை நீட்டு, 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை.

எடை எப்போது ஏற்றுவது

ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு ரெப் மிச்சம் இருக்கும்போதே நிறுத்து. அப்படி நிறுத்தியும் சொன்ன எண்ணிக்கையை அடுத்தடுத்த இரண்டு வாரம் எட்டினால் மட்டும் டம்பெல்லில் 1 கிலோ, பேண்டென்றால் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்து. 4, 8 ஆகிய வாரங்களில் செட்டைப் பாதியாக்கு. பயணமோ வீடு மாற்றமோ இருந்து நிறையத் தள்ளிய வாரத்தையும் அப்படியே எடுத்துக்கொள், தோளுக்கு அது டம்பெல்லா சக்கரமா என்று தெரியாது.

வலி

10க்கு 3 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். 4 என்றால் அந்தப் பயிற்சியை அன்றைக்கு விட்டுவிடு, மற்றதைச் செய். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கையைத் தூக்கவே முடியாத பலவீனம் என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டர். இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே: கையில் புதிதாக மரத்துப்போவது, பிடி தளர்வது, உணர்வில்லாத எல்லை மேலே ஏறுவது போல் தெரிந்தால் அது தோள் சமாச்சாரமாக இல்லாமல் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாவதாக இருக்கலாம், அன்றைக்கே போய்ப் பார்.

மிச்ச 23 மணி நேரம்

வாரத்தில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்து, மீதி நேரம் தோளைத் தேய விட்டால் பலன் இல்லை. தள்ளும்போது குட்டிக் குட்டித் தட்டலாக இல்லாமல் நீளமாக ஒரே தள்ளாகத் தள்ளு, விட்ட பிறகு கை, சக்கரத்தில் நீ பிடித்துத் தள்ளும் வளையத்துக்குக் கீழே தொங்கி வட்டமாகத் திரும்பி வரட்டும். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையில் மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்க வேண்டும், உன் நாற்காலியில் அப்படி இல்லையென்றால் உட்காரும் உயரத்தைச் சரிசெய்யச் சொல்.

இடம் மாறும்போது முடிந்தவரை கிளம்பும் இடமும் போய் உட்காரும் இடமும் ஒரே உயரமாக இருக்கட்டும், கை உடம்பை ஒட்டியே ஊன்றட்டும், முன்னால் போகும் கையை மாற்றி மாற்றிப் பழகு. சறுக்குப் பலகை வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம், நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் உட்காரும் இடத்தில் புண் வராமல் இருக்க நீ கையை ஊன்றி உடம்பைத் தூக்குகிறாயே, அதை விட்டுவிடு. அதற்குப் பதில் மார்பு தொடைமேல் படும் அளவு முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இரு, அரை மணிக்கு ஒருமுறை. தூக்கினால் சில விநாடிதான் பிடிக்க முடியும், அதற்குள் தோலுக்கு ரத்தம் திரும்பாது, தோளுக்கோ முழு உடம்பின் பாரம். பயிற்சி முடிந்த அன்று இரவு கண்ணாடி வைத்து உட்காரும் இடத்துத் தோலைப் பார், பெல்ட் பட்ட இடத்தையும் சேர்த்து.

முதல் நாலு வாரம் முடிந்ததும் மூன்று விஷயம் எழுதி அனுப்பு: ரோவில் எந்த பேண்ட், வலது தோளுக்கு சாயங்காலம் 10க்கு எத்தனை, கட்டிலில் இருந்து மாறுவது முன்பைவிட எப்படி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு மேல் பிரஸுக்குச் சரி சொல்வேன், அதுவரை நீயாக ஆரம்பிக்காதே.