பிஎம்பி தேர்வுக் குறிப்பு 4: புராசஸ் குரூப்புகளும் ஏர்ண்டு வேல்யூ கணக்கும்

போன சனிக்கிழமை மாதிரித் தேர்வில் ஃபார்முலாவை மறந்து மதிப்பெண் விட்டவர்கள் இரண்டே பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் கேள்வியை ஓடவிட்டுப் படித்ததால் விட்டார்கள். அதனால் இந்த முறை எந்த வார்த்தையைப் பார்த்தால் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

புராசஸ் குரூப்புகள்

மொத்தம் ஐந்து: இனிஷியேட்டிங், பிளானிங், எக்ஸிகியூட்டிங், மானிட்டரிங் அண்ட் கன்ட்ரோலிங், குளோசிங். 2017-இல் வந்த பிஎம்பாக் ஆறாம் பதிப்பின்படி 49 புராசஸ்கள். வரிசையாக 2, 24, 10, 12, 1 என்று பிரியும். பாதிக்குப் பாதி பிளானிங்கில் கிடக்கிறது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு கொள்கைகளின் பக்கம் திரும்பியது. ஆனாலும் யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஐந்தின் தெளிவு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

புராசஸ் குரூப் என்பது கட்டம் அல்ல. வீடு கட்டும்போது அஸ்திவாரம் ஒரு கட்டம், சுவர் ஒரு கட்டம், பூச்சு ஒரு கட்டம். அஸ்திவாரக் கட்டத்துக்குள்ளேயே ஐந்து குரூப்பும் நடக்கும். சுவருக்கு வந்தால் மறுபடியும் ஐந்தும் நடக்கும். மானிட்டரிங் கடைசியில் வருவது என்று நினைத்து எழுதிய விடைகள் எல்லாமே தப்பாகியிருக்கின்றன. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஓடுவது அதுதான்.

இனிஷியேட்டிங்கில் இருப்பவை இரண்டே: சார்ட்டர் தயாரிப்பது, ஸ்டேக்ஹோல்டர்களை அடையாளம் காண்பது. சார்ட்டரை வரைவது நீங்களாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டு அதிகாரம் தருவது ஸ்பான்சர். குளோசிங்கில் ஒன்றே ஒன்று. பாதியில் கைவிட்ட புராஜெக்ட்டையும் முறைப்படி மூடித்தான் ஆக வேண்டும்.

அதிகம் குழப்புவது தரம் சார்ந்த இரண்டு. மேனேஜ் குவாலிட்டி எக்ஸிகியூட்டிங்கில் வரும். வேலை செய்யும் முறை சரியா என்று பார்ப்பது. கன்ட்ரோல் குவாலிட்டி மானிட்டரிங்கில் வரும். செய்து முடித்த பொருள் சரியா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு வேலிடேட் ஸ்கோப்: வாடிக்கையாளர் பார்த்து ஏற்றுக்கொள்வது. டெலிவரபிளின் பயணத்தை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்: செய்தோம், நாமே சோதித்தோம், அவர்கள் ஏற்றார்கள், ஒப்படைத்தோம்.

ஏர்ண்டு வேல்யூ

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் தன் ஒப்பந்ததாரர்களுக்கு வகுத்த செலவு, காலக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து வளர்ந்தது இந்த முறை. கேட்ட கேள்வி எளியது. பணம் பாதி தீர்ந்துவிட்டது, சரி. வேலை எவ்வளவு முடிந்தது?

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் பத்து வகுப்பறை கட்ட வேண்டும். அறைக்கு 6 லட்சம், மொத்தம் 60 லட்சம், இதுதான் BAC. மாதம் ஓர் அறை வீதம் பத்து மாதம். ஐந்தாம் மாத முடிவில் முடிந்திருப்பது 4 அறை, செலவு 32 லட்சம்.

PV என்பது இந்நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையின் திட்ட மதிப்பு: 30 லட்சம். EV என்பது உண்மையில் முடிந்த வேலையின் திட்ட மதிப்பு: 4 × 6 = 24 லட்சம். AC என்பது கையை விட்டுப் போன பணம்: 32 லட்சம். EV-ஐக் கணக்கிடும்போது செலவான தொகையைப் பார்க்கவே கூடாது. அங்கே சறுக்கினால் கீழே உள்ள அத்தனையும் சறுக்கும்.

```
CV  = EV - AC = 24 - 32 = -8
SV  = EV - PV = 24 - 30 = -6
CPI = EV / AC = 24 / 32 = 0.75
SPI = EV / PV = 24 / 30 = 0.80
```

நான்கிலும் EV முதலில் நிற்கிறது. செலவு பற்றிக் கேட்டால் AC, காலம் பற்றிக் கேட்டால் PV. கழித்து வந்தது மைனஸ் என்றாலும், வகுத்து வந்தது 1-க்குக் கீழே என்றாலும் நிலைமை சரியில்லை. CPI 0.75 என்றால் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 75 காசுக்கான வேலைதான் கிடைத்திருக்கிறது.

இனி EAC. முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்? இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. இங்கேதான் கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க வேண்டும்.

```
BAC / CPI                      = 60 / 0.75      = 80
AC + (BAC - EV)                = 32 + 36        = 68
AC + (BAC - EV) / (CPI * SPI)  = 32 + 36 / 0.60 = 92
```

இதே போக்கு தொடரும் என்றால் முதலாவது. ஒருமுறை நடந்த தடங்கல், இனி திட்டப்படி போகும் என்றால் இரண்டாவது. செலவும் இழுக்கிறது, கெடுவையும் தள்ள முடியாது என்றால் மூன்றாவது. பழைய மதிப்பீடே செல்லாது என்று சொன்னால் மீதி வேலையைப் புதிதாக மதிப்பிட்டு AC-யுடன் கூட்டுவதுதான் வழி. ஒரே புராஜெக்ட்டுக்கு 68, 80, 92 என்று மூன்று விடை வருகிறதே என்று பயப்பட வேண்டாம். கேள்வித்தாளில் இந்த மூன்றும் விருப்பங்களாகவே வரிசையில் நிற்கும். முதல் விடையான 80-ஐ வைத்து மீதியைப் போடுவோம். ETC என்பது இனி ஆகப்போகும் செலவு, VAC என்பது முடியும்போது திட்டத் தொகைக்கும் மொத்தச் செலவுக்கும் உள்ள வித்தியாசம், TCPI என்பது மீதிப் பணத்துக்குள் மீதி வேலையை முடிக்கத் தேவையான வேகம்.

```
ETC  = EAC - AC = 80 - 32 = 48
VAC  = BAC - EAC = 60 - 80 = -20
TCPI = (BAC - EV) / (BAC - AC) = 36 / 28 = 1.29
```

TCPI மட்டும் தலைகீழ்: 1-க்கு மேலே போகப்போக நெருக்கடி. 0.75-இல் ஓடிய குழு இனி 1.29-இல் ஓடினால்தான் 60 லட்சத்துக்குள் முடியும். புதிய EAC-க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் வகுக்கும் பகுதியில் BAC-க்குப் பதில் EAC போடுங்கள்.

கேள்விகள்

1. BAC 20 லட்சம், 40 சதவீத வேலை முடிந்தது, PV 8 லட்சம், AC 10 லட்சம். நிலைமை என்ன?
EV 8 லட்சம். SPI 1, CPI 0.8. காலம் சரி, செலவு கூடுதல்.

2. வெள்ளத்தில் சிமென்ட் மூட்டைகள் நனைந்து வீணாயின. கிடங்கை மாற்றியாகிவிட்டது, மீண்டும் நடக்காது. எந்த EAC?
AC + (BAC - EV). “மீண்டும் நடக்காது” என்பதுதான் பிடி.

3. சிமென்ட் விலை ஏறிவிட்டது, இறங்கும் அறிகுறி இல்லை.
BAC / CPI. பொருள் அதே சிமென்ட்தான், விடை வேறு.

4. தலைமையாசிரியர் கூடுதலாக ஒரு ஜன்னல் கேட்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?
உடனே சம்மதிப்பதும் தவறு, உடனே மறுப்பதும் தவறு. செலவு, காலம், தரம் ஆகியவற்றில் என்ன மாறும் என்று ஆராய்ந்து, மாற்றக் கோரிக்கையாக்கி ஒப்புதல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இது மானிட்டரிங்கில் வரும். ஒப்புதல் வந்த பிறகு ஜன்னல் வைப்பது எக்ஸிகியூட்டிங்.

5. நிதி நின்றுபோய், ஆறாம் அறையோடு வேலை கைவிடப்படுகிறது. அடுத்து?
குளோசிங். முடிந்த அறைகளை ஒப்படைத்து, ஒப்பந்தங்களை முடித்து, கற்ற பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

6. பத்து மாத வேலை பன்னிரண்டு மாதத்தில் முடிந்தது. முடிந்த நாளில் SPI எவ்வளவு?
1. எல்லா வேலையும் முடிந்ததும் EV-யும் PV-யும் BAC-க்குச் சமம். SV பூஜ்யம். இரண்டு மாதத் தாமதம் இந்த எண்ணில் தெரியாது. அதைக் காட்ட அட்டவணையையும் கிரிட்டிக்கல் பாத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.