தனி ஊசல்: அப்சர்வேஷன் நோட்டு (இன்று எடுத்த அளவீடுகள் முழுவதும், அடித்தவையும் சேர்த்து)

இடம்: மதுரை, கல்லூரி இயற்பியல் ஆய்வகம், ஜன்னல் ஓர மேசை. புதன் பிற்பகல் 2 முதல் 4 வரை.
நோக்கம்: தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கம் g கண்டுபிடிப்பது, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் சொல்வது.
யார் என்ன செய்தோம்: கடிகாரம் என் கையில், எண்ணியது என் ஜோடி. கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. நடுவில் ஆள் மாறினால் கை வேகமும் மாறும், அப்புறம் எது ஊசலின் குணம் எது எங்கள் குணம் என்று பிரிக்க முடியாது.

வாய்ப்பாடு:

g = 4π² l / T²

l என்பது தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை. குண்டின் மேல்புறம் வரை இல்லை. இதை இரண்டு முறை எழுதி வைக்கிறேன், காரணம் கீழே வரும்.

முதலில் குண்டு

வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. தாடைகளை மூடினால் வெர்னியரின் 2ஆவது கோடு ஒன்றுகிறது, சுழி வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஆக சுழிப் பிழை +0.02 செ.மீ., திருத்தம் −0.02 செ.மீ.

அட்டவணை 1: ஊசல் குண்டின் விட்டம்

| முறை | முதன்மைக் கோல் (செ.மீ.) | வெர்னியர் ஒன்றிப்பு (பிரிவு) | கண்ட விட்டம் (செ.மீ.) | திருத்திய விட்டம் (செ.மீ.) |
|---|---|---|---|---|
| 1 | 1.9 | 3 | 1.93 | 1.91 |
| 2 | 1.9 | 4 | 1.94 | 1.92 |
| 3 | 1.9 | 3 | 1.93 | 1.91 |
| 4 | 1.9 | 4 | 1.94 | 1.92 |
| 5 | 1.9 | 3 | 1.93 | 1.91 |

சராசரி விட்டம் = 1.91 ± 0.01 செ.மீ., ஆரம் = 0.96 செ.மீ.
ஒவ்வொரு முறையும் குண்டைத் திருப்பிப் பிடித்துத்தான் அளந்தேன். ஒரே இடத்தில் ஐந்து முறை அளந்தால் ஐந்தும் ஒன்றாகத்தான் வரும், அதில் குண்டு உருண்டையா நசுங்கியதா என்று தெரியாது.

நூலை 59.0 செ.மீ. விட்டால் l = 59.0 + 0.96 = 59.96, அதை 60.0 செ.மீ. என்று எழுதியிருக்கிறேன். மற்ற நீளங்களும் இப்படியே. மீட்டர் கோலில் 0.1 செ.மீ. வரை படிக்கலாம்தான், ஆனால் தக்கை விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, நூல் சரியாக எந்த இடத்திலிருந்து தொங்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் l-க்கு ± 0.2 செ.மீ. போட்டிருக்கிறேன்.

அடித்த வரி

| l (செ.மீ.) | 20 அலைவுகள் (வி), முறை 1 | முறை 2 | நிலை |
|---|---|---|---|
| ~~100.0~~ | ~~38.22~~ | ~~38.11~~ | எண்ணிக்கைத் தவறு, சேர்க்கவில்லை |

முதலில் எடுத்தது இதுதான். இரண்டு அளவீடும் 0.11 வினாடிதான் வித்தியாசம், பார்க்க அவ்வளவு அழகு. போட்டுப் பார்த்தால் g = 10.8 மீ/வி². என் ஜோடி குண்டை விட்டதுமே "ஒன்று" என்று தொடங்கியிருக்கிறாள், நானும் அந்த "ஒன்று"க்கே கடிகாரத்தை அழுத்தியிருக்கிறேன். அவள் "இருபது" என்றபோது உண்மையில் ஓடியிருந்தது 19 அலைவு. 38.17-ஐ 19-ஆல் வகுத்தால் 2.009 வி வருகிறது, பின்னால் எடுத்தவற்றோடு சரியாகவே பொருந்துகிறது. அதற்காக 19 என்று திருத்திச் சேர்க்கவில்லை, விடை தெரிந்த பிறகு செய்யும் திருத்தம் அது. ரப்பர் போடாமல் ஒரு கோடு மட்டும் அடித்திருக்கிறேன், மேடம் கேட்டால் காட்டலாம்.

அதன் பிறகு "சுழி" என்று சொல்லித் தொடங்கினோம். குண்டை விட்ட உடனே இல்லை, இரண்டு மூன்று அலைவு போனபின், நடுக்கோட்டை இடமிருந்து வலம் கடக்கும்போது. ஓரத்தில் குண்டு நின்று திரும்புகிறது, எந்தக் கணத்தில் அழுத்துவது என்று கை தடுமாறும். நடுவில் வேகம் அதிகம், கடக்கும் நொடி தெளிவாகத் தெரியும். மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம்.

அட்டவணை 2: ஐந்து நீளங்கள், நீளத்துக்கு மூன்று முறை

நிறுத்துக் கடிகாரத்தின் மீச்சிற்றளவு 0.01 வி. குண்டை இழுத்தது 5 செ.மீ. மட்டும், 60 செ.மீ. நூலிலும் அது 5 டிகிரியைத் தாண்டாது.

| l (செ.மீ.) ± 0.2 | t₁ (வி) | t₂ (வி) | t₃ (வி) | சராசரி t (வி) | சராசரி விலக்கம் (வி) | T = t/20 (வி) | T² (வி²) | l/T² (செ.மீ./வி²) |
|---|---|---|---|---|---|---|---|---|
| 60.0 | 31.18 | 31.02 | 31.10 | 31.10 | 0.05 | 1.555 | 2.418 | 24.81 ± 0.16 |
| 70.0 | 33.41 | 33.62 | 33.57 | 33.53 | 0.08 | 1.677 | 2.812 | 24.89 ± 0.15 |
| 80.0 | 36.04 | 35.88 | 36.08 | 36.00 | 0.08 | 1.800 | 3.240 | 24.69 ± 0.13 |
| 90.0 | 38.05 | 38.26 | 38.17 | 38.16 | 0.07 | 1.908 | 3.640 | 24.73 ± 0.12 |
| 100.0 | 40.31 | 40.09 | 40.20 | 40.20 | 0.07 | 2.010 | 4.040 | 24.75 ± 0.11 |

சராசரி l/T² = 24.77 செ.மீ./வி²
g = 39.48 × 24.77 = 978 செ.மீ./வி² = 9.78 மீ/வி²

80 செ.மீ.யில் ஒரு முறையை எழுதவே இல்லை. மின்விசிறியை யாரோ போட்டுவிட்டார்கள், குண்டு நேராக ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது, எட்டாவது அலைவிலேயே நிறுத்திவிட்டோம். விசிறியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்ததுதான் மேலே உள்ள t₁. அதன் பிறகு வேர்த்துக்கொண்டேதான் முடித்தோம்.

அட்டவணை 2-இன் கடைசி நெடுவரிசையில் உள்ள ± எப்படி வந்தது என்றால், l/T²-இன் ஒப்பீட்டுப் பிழை = Δl/l + 2Δt/t. T இருமடி என்பதால் அந்த 2. 60 செ.மீ.க்கு 0.2/60 = 0.33%, 2 × 0.05/31.10 = 0.32%, கூட்டினால் 0.65%. 24.81-இல் 0.65% என்பது 0.16. மற்ற வரிகளும் அப்படியே. நீளம் கூடக் கூடப் பிழை குறைவதைக் கவனிக்கவும், கடைசி வரியை நான் அதிகம் நம்புவது அதனால்தான்.

Δt = 0.05 வி எங்கிருந்து வந்தது? கடிகாரம் காட்டும் 0.01-ஐப் போடுவது பொய் ஆகிவிடும். மூன்று அளவீட்டின் விலக்கத்தையும் முழுதாக நம்ப முடியாது, மூன்றே எண்தானே. அதற்குத்தான் அடுத்த அட்டவணை.

அட்டவணை 3: ஒரே நீளம், பத்து முறை (l = 100.0 ± 0.2 செ.மீ.)

முதல் மூன்றும் அட்டவணை 2-இல் உள்ளவையே, தொடர்ந்து இன்னும் ஏழு.

| முறை | 20 அலைவுகளின் நேரம் t (வி) | விலக்கம் d (வி) | d² (10⁻⁴ வி²) |
|---|---|---|---|
| 1 | 40.31 | +0.12 | 144 |
| 2 | 40.09 | −0.10 | 100 |
| 3 | 40.20 | +0.01 | 1 |
| 4 | 40.12 | −0.07 | 49 |
| 5 | 40.27 | +0.08 | 64 |
| 6 | 40.18 | −0.01 | 1 |
| 7 | 40.05 | −0.14 | 196 |
| 8 | 40.24 | +0.05 | 25 |
| 9 | 40.16 | −0.03 | 9 |
| 10 | 40.28 | +0.09 | 81 |
| சராசரி / கூட்டல் | 40.19 | 0.00 | 670 |

திட்ட விலக்கம் = √(670 × 10⁻⁴ / 9) = 0.086 வி
பத்தின் சராசரியில் பிழை = 0.086/√10 = 0.03 வி
மூன்றின் சராசரியில் பிழை = 0.086/√3 = 0.05 வி (அட்டவணை 2-இல் போட்டது இதுதான்)

0.086 வி என்பது கடிகாரத்தின் குறை இல்லை, என் கட்டைவிரலின் குறை. கடிகாரம் அதைவிட எட்டு மடங்குக்கு மேல் நுட்பமாகப் படிக்கிறது, அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஒரே ஒரு அலைவை மட்டும் அளந்திருந்தால் 2 வினாடியில் 0.086 போயிருக்கும், 4%க்கும் மேல். 20 அலைவு அளந்ததால் அதே 0.086 வி 40 வினாடியில் கரைந்து 0.2% ஆகிறது. மறுபடி மறுபடி அளப்பதைவிட அலைவு எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான் லாபம் அதிகம், எண்ணுகிறவள் தூங்காமல் இருந்தால்.

T = 40.19/20 = 2.0095 ± 0.0014 வி
g = 39.48 × 1.000 / 4.038 = 9.78 மீ/வி²
பிழை: 0.20% (l) + 0.14% (T) = 0.34%, அதாவது 0.03 மீ/வி²

முடிவுகள்

| முறை | g (மீ/வி²) | பிழை (மீ/வி²) |
|---|---|---|
| ஐந்து நீளங்களின் சராசரி | 9.78 | ± 0.04 |
| 100 செ.மீ., பத்து முறை | 9.78 | ± 0.03 |

முதல் வரியில் 0.04 போட்டது ஏன் என்றால், ஐந்து வரியும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியது சராசரியாக 0.06 செ.மீ./வி² தான், 0.24%. அதை மட்டும் வைத்தால் 0.02 என்று எழுதலாம். ஆனால் தக்கை விளிம்பு ஐந்து நீளத்துக்கும் ஒன்றுதான், அது ஒரு பக்கமாகத் தப்பாக இருந்தால் எல்லாமே அதே பக்கம் சாயும், சராசரி எடுத்துக் குறைக்க முடியாது. அதனால் கடைசி வரியின் 0.45%-ஐயே வைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் 9.68 வந்தது. அளவீடுகள் எங்களுடையதைவிட நெருக்கம். அவர்கள் குண்டின் ஆரத்தைச் சேர்க்கவில்லை, 99.0-ஐயே l என்று போட்டிருந்தார்கள். 1 செ.மீ. போனதில் g-இல் 1% போய்விட்டது. முறையான பிழை, நூறு முறை திரும்ப எடுத்தாலும் அட்டவணை அதைக் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று, ரெக்கார்டில் எழுதும்போது 9.81-உடன் ஒப்பிட்டுப் பிழை விழுக்காடு போடக் கூடாது. g நிலநடுக்கோட்டில் 9.780, துருவங்களில் 9.832. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, இங்கே 9.78 வருவதுதான் சரி. 1672இல் ழான் ரிஷே பாரிசிலிருந்து ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது, ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்க வேண்டியிருந்தது. இதே சங்கதிதான்.

வரைபடம்

X அச்சில் T² (வி²), Y அச்சில் l (செ.மீ.). ஐந்து புள்ளிக்கும் பொருந்தும் கோட்டின் சாய்வு 24.6 செ.மீ./வி², அதிலிருந்து g = 9.7 மீ/வி², பிழை ± 0.07. கோடு சுழியின் வழியே போகவில்லை, Y அச்சை 0.7 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறது. பிழைக்குள் அடங்கக்கூடியதுதான், ஆனாலும் 60, 70 இரண்டின் l/T² மட்டும் மேலே நிற்பது உறுத்துகிறது. நூலைக் குறைத்தபோது முடிச்சு தக்கைக்குள் ஏறியதா, நாங்கள் அவசரப்பட்டோமா, தெரியவில்லை. அடுத்த வகுப்பில் இந்த இரண்டு நீளத்தையும் பத்துப் பத்து முறை, 20க்குப் பதில் 40 அலைவாக எடுக்க வேண்டும். குண்டு எண் 7, அதே நூல், லேப் அண்ணனிடம் சொல்லித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.