பக்கத்தில் இருக்கிறேன் தம்பி

(பிளஸ் டூ எழுதப் போகும் தம்பிக்கு ஒரு அக்கா பாடும் பாட்டு இது. நாளை இயற்பியல் தேர்வு, இப்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. பள்ளியில் பிரிவு உபசார விழாவுக்குப் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது எழுதிக் கொடுத்தேன். உழைத்தால் உயரலாம், விழுந்தால் எழலாம் என்கிற தொனி ஒரு வரியில்கூட எட்டிப்பார்க்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. ‘பேச்சு’ என்று போட்டிருக்கும் இடங்களில் மெட்டு வேண்டாம், கிடார் மட்டும் பின்னால் மெதுவாகப் போகட்டும், பாடுகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசினால் போதும். தங்கைக்குப் பாடுவதானால் ‘தம்பி’, ‘டேய்’, ‘தூங்குகிறான்’ என்று வரும் இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பொருந்தும்.)

பல்லவி

பக்கத்தில் இருக்கிறேன் தம்பி, நான்
பாடம் எதுவும் கேட்க மாட்டேன்
தூக்கம் வந்தால் தூங்கிக்கொள், நான்
துணைக்கு இங்கே விழித்திருப்பேன்
என்ன படித்தாய் என்று பார்க்கும்
கண்கள் ஊரில் நூறு உண்டு
என்ன ஆனாலும் உன்னைப் பார்க்கும்
கண்கள் இரண்டு இங்கே உண்டு

சரணம் 1

காலையில் தெரிந்த காஸ் விதி இப்போது காணவில்லை
லென்ஸ் சமன்பாட்டில் கூட்டலா கழித்தலா, ஞாபகமில்லை
கோடு போட்ட வரியெல்லாம் மஞ்சளாய்த் தெரிகிறது
கண்ணை மூடிப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள் விரிகிறது

வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், ‘கண்டிப்பா வரும்’ என்று
வரிசையாய் அனுப்புகிறான் கேள்வி முப்பத்து மூன்று
பார்த்த உடனே வயிற்றில் பிடி விழுந்தது உனக்கு
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தெரியாதா எனக்கு

அதை அனுப்பிய பையனும் அங்கே இந்த நேரம்
அரண்டுபோய்த்தான் இருப்பான் அவன் வீட்டுச் சுவர் ஓரம்
அவனுக்கும் தூக்கமில்லை, அவனுக்கும் கை நடுங்கும்
அனுப்பிவிட்டால் கொஞ்சமாவது நெஞ்சம் அடங்கும்

போனைப் பிடுங்க மாட்டேன், அதைப் புத்தகத்தின் மேலே வை
போவோம் வா மொட்டை மாடிக்கு, பிடித்துக்கொள் என் கை
தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் காற்று கொஞ்சம் வரும்
தலைக்குள் ஓடுவதெல்லாம் தானாகக் கொஞ்சம் விடும்

(பக்கத்தில் இருக்கிறேன் தம்பி…)

பேச்சு

டேய், உள்ளங்கை வியர்த்து வியர்த்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறாய், நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேட்கிறது. உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்காதே. பயம் வந்தால் உடம்பு அப்படித்தான் செய்யும், ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகும், அட்ரினலினை இறக்கும், இதயத்தை வேகமாக்கும், வயிற்றில் நடக்கிற வேலையை நிறுத்தி வைக்கும், அதனால்தான் ராத்திரி தோசை உனக்கு இறங்கவில்லை. அந்த நேரத்தில் படித்தது சட்டென்று நினைவுக்கு வராது. வரவில்லை என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை, உள்ளேதான் இருக்கிறது, பயம் கொஞ்சம் இறங்கினால் எட்டிப்பார்க்கும்.

மூச்சை மூக்கால் இழு, நாலு எண்ணும் வரைக்கும். இப்போது விடு, ஆறு எண்ணிக்கொண்டே, அவசரமில்லை. இன்னொரு தடவை. நானும் உன்னோடு செய்கிறேன். இதற்கு மார்க் கிடையாது, சரியாகச் செய்தாயா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

அழ வேண்டும் போலிருந்தால் அழுதுவிடு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சரணம் 2

உனக்காகப் பொங்கலில் நிறுத்திய டிவி இன்னும் ஓடவில்லை
அம்மா பார்த்த நாடகக் கதை எங்கே போனதோ, தெரியவில்லை
தெருமுனையில் வண்டியை அப்பா அணைத்துவிடுகிறார்
சத்தம் உனக்குக் கேட்காமல் தள்ளிக்கொண்டு வருகிறார்

கதவிடுக்கில் அதைப் பார்த்துக் கலங்கிப்போனாய் நீ
‘இதற்கெல்லாம் என்ன செய்வேன்’ என்று கேட்டாய் நீ
கடன் இல்லை தம்பி அது, கணக்கில் எழுதாதே
மார்க் எடுத்துத் திருப்புகிற வட்டி என்று நினைக்காதே

அத்தை போனில் கேட்டாள், ‘எவ்வளவு வரும்?’ என்று
அம்மா சொன்னாள், ‘தூங்குகிறான், அப்புறம் பேசு’ என்று
நீ விழித்திருந்தாய், அம்மாவுக்கும் தெரியும்
நீ கேட்டது அவளுக்கும், அவள் தவிப்பு உனக்கும் புரியும்

பெரியப்பா பையன் வாங்கியது 582
பேச்சு வரும்போதெல்லாம் அதைச் சொல்கிறார் ரெண்டு ரெண்டு
தடவை, ஆனால் அந்த அண்ணன் போன மாதம் என்னிடம்
தனியாகச் சொன்னான், ‘இந்த எண்ணைக் கேட்டாலே கூச்சம்’

ஹார்லிக்ஸை வைத்துவிட்டு அம்மா வாசலில் நிற்கிறாள்
ஆறுதலாய் என்ன சொல்ல என்று தெரியாமல் தவிக்கிறாள்
‘பாலாடை எடுத்துவிட்டேன் பா’ என்று மட்டும் சொல்கிறாள்
அவ்வளவுதான் அவளுக்கு வந்தது, அதைத்தான் தருகிறாள்

(பக்கத்தில் இருக்கிறேன் தம்பி…)

சரணம் 3

காலையில் நான் எழுப்புகிறேன், அலாரம் வேண்டாம் உனக்கு
ஹால் டிக்கெட்டும் ரெண்டு பேனாவும் என் பொறுப்பு, விடு எனக்கு
பிள்ளையார் காலடியில் அம்மா பேனாவை வைத்துவிட்டாள்
பேசாமல் நெற்றியில் ஒரு கீற்று திருநீறு இட்டுவிடுவாள்

பள்ளிக்கூட வாசலில் பத்துப் பேர் கூட்டம் இருக்கும்
பதறிப்போய் ஒருத்தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான்
பக்கத்தில் போக வேண்டாம், வேப்பமரத்தடியில் நில்
தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போ, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொள்

பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வந்து சேரும்
படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரம் எழுத ஐந்து, அதுவும் போகும்
பத்தே காலுக்கு எழுதலாம் என்று மணி அடிக்கும்
பார்த்துக்கொண்டே இருப்பாய், பேனா நகர மறுக்கும்

அப்படி ஆனால் ஆகட்டும், பேனாவைக் கீழே வை
அடிப்பாதம் தரையில் பட, மேஜையைத் தொடட்டும் கை
ஒரு மார்க் பதினைந்தில் தெரிந்த ஒன்றைத் தேடு
ஒன்றுதானே, அதை எழுது, அங்கிருந்து கை போகும் தன் போக்கோடு

முன்னால் இருக்கும் பெண் எழுந்து அடிஷனல் ஷீட் கேட்பாள்
மூன்றாவது ஷீட் அது என்று உன் நெஞ்சு எண்ணிப் பார்க்கும்
அவள் எழுத்து பெரிதாக இருக்கலாம், இடம் விட்டு எழுதலாம்
அவள் தாள் அவளோடு, உன் தாளில் நீ நிதானமாய் இருக்கலாம்

வீட்ஸ்டோன் சமனச்சுற்று வந்து, படம் மட்டும் வந்தாலும்
விட்டுவிடாதே, அதைப் போடு, பாதிதான் தெரிந்தாலும்
தெரியாத கேள்வி தெரியாமலே இருக்கட்டும், பரவாயில்லை
தெரிந்திருக்க வேண்டும் எல்லாம் என்று நான் சொல்லவில்லை

பேச்சு

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லட்டுமா? கொஞ்ச நேரத்துக்கு முன்னால், ‘நான் இல்லாமலே போயிட்டா யாருக்கும் தொந்தரவு இருக்காதுல்ல’ என்றாய். சும்மா சொன்னேன் என்றாய் அப்புறம். சும்மா சொன்னாயோ நிஜமாகவே சொன்னாயோ, நான் கேட்டுக்கொண்டேன், அதை நான் கடந்துபோக மாட்டேன். அதற்காக உன்மேல் கோபம் இல்லை, திட்டப் போவதும் இல்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தால், ராத்திரி ரெண்டு மணியானாலும் என்னை எழுப்பு, அப்பாவை எழுப்பு, அவர் பதறுவார்தான், பதறட்டும், பதறுவது அவருக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நீ இல்லாமல் இருப்பதுதான் எங்களால் முடியாதது.

வீட்டில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை என்றால் 104-க்குப் போடு, இல்லை 14416-க்கு. ரெண்டுக்கும் காசு கிடையாது, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ‘எக்ஸாம் பயமா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள். உன் போனில் ரெண்டு எண்ணையும் இப்போதே போட்டு வைக்கிறேன். என் பெயருக்குக் கீழேயே இருக்கும்.

சரணம் 4

தேர்வு முடிந்து வெளியே வந்தால் கேட்டருகே நிற்பேன்
‘எப்படி எழுதினாய்’ என்ற ஒன்றை மட்டும் கேட்காமல் நிற்பேன்
நீயாகச் சொன்னால் கேட்பேன், சொல்லாவிட்டாலும் சரி
நேராகப் போய்ப் பரோட்டா சாப்பிடுவோம், அதற்கு மட்டும் சொல்லு சரி

விடைகளைச் சரிபார்க்க நாலு பேர் கூப்பிடுவார்கள்
விட்டுவிட்டு வந்தாலும் உன்னை நண்பன் என்றுதான் சொல்வார்கள்
எழுதியது எழுதியதாய் அந்தக் கட்டுக்குள் இருக்கட்டும்
அன்று மாலை முழுவதும் உன் தலை ஓய்வில் கிடக்கட்டும்

மே மாதம் ஒரு காலையில் முடிவு வரும், வரட்டும்
600-க்கு எத்தனையோ, எதுவோ அது வரட்டும்
நினைத்தது வந்தால் கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவோம்
நினைத்தது வரவில்லையென்றால் கதவைச் சாத்தி அழுவோம்

ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு உண்டு, தம்பி
அடுத்த மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் வெம்பி
விண்ணப்பம் நான் போடுகிறேன், ஹாலுக்கும் கூட வருவேன்
வெளியில் நின்று அதே வேப்பமரத்தடியில் இருப்பேன்

முடிவு வரும் காலையில் நீ தனியாகப் பார்க்காதே
அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்காதே
பதிவெண்ணை நீ சொல், பிறந்த தேதியை நான் அடிக்கிறேன்
பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவரை கதை அளக்கிறேன்