இறுதியாண்டு மாணவர்களிடம் பேச வந்த நம் பழைய மாணவர்கள் நால்வருக்கும்

அன்புச் செல்வங்களே,

சனிக்கிழமை நீங்கள் விடைபெற்றுப் போன பிறகு கூடத்தைப் பூட்டலாம் என்று போனேன். நிகழ்ச்சி முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாட்களில் கூட்டம் முடிவதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறவர்கள் இவர்கள். அன்று இரவே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நீங்கள் சொன்னதில் அவர்கள் மனத்தில் என்ன நின்றது என்று கேட்டுவிட்டு எழுதலாமே என்று ஒரு வாரம் பொறுத்தேன்.

மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கும் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். எச்.பி.எல்.சி. கருவியைப் பற்றித்தான் பேசுவாய் என்று நினைத்தேன். நீயோ கரும்பலகையில் ஒரு தப்பான எண்ணை எழுதி, அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டாய். அடித்தது கீழே படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி, காரணம் எல்லாம் இருக்க வேண்டும் என்றாய். வெள்ளை மை பூசுவதும், துண்டுத் தாளில் குறித்துவிட்டுப் பிறகு பதிவேட்டில் அழகாக எழுதுவதும் திருத்தம் ஆகாது, மறைப்புதான் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அடித்தல் திருத்தல் இருக்கிறதே என்று ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் குறைத்தவள் நான். உன் நோட்டிலும் குறைத்திருப்பேன். திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்துவிட்டோம். இனி டைட்ரேஷன் அளவீடுகளைப் பேனாவால் நேரே நோட்டில்தான் எழுத வேண்டும். அடித்தலுக்கு மதிப்பெண் குறையாது, ஒப்பமும் தேதியும் இல்லாத அடித்தலுக்குக் குறையும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் சிவக்க வந்து நின்றாயே, உன் பேச்சில் தண்ணீரின் மாசை அளக்கிற பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டும் முதல் முறையாக உயிரோடு இருந்தன. பாட்டிலை 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்த்தால்தான் பி.ஓ.டி. வரும், அந்த எண் கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து வெகுதூரம் போயிருக்கும், அதனால்தான் சில மணி நேரத்தில் முடிகிற சி.ஓ.டி.யை வைத்து அன்றாடம் நிலையத்தை ஓட்டுகிறோம் என்று சொன்னாய். நான் வருடா வருடம் இரண்டுக்கும் வேறுபாடு எழுதச் சொல்லிக் கேட்கிற கேள்வி அது. எதற்காக இரண்டு என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

காப்புரிமைப் பணியில் இருக்கும் உனக்கும் நன்றி. வேதியியலும் மொழியும் சேர்ந்து கைவந்தவர்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் புதுச் செய்தி. நீ விட்டுப்போன மாதிரி விண்ணப்பத்தை மூன்று பேர் போட்டி போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பேசிய உனக்கு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து அடித்து எழுதுகிறேன். பட்டம் வாங்கிய பின் இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்ததை மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நீ சொன்னாய். எந்தக் கேள்வியில் வாயடைத்துப் போனாய் என்பதையும் சேர்த்தே சொன்னாய்: "குழுவாகச் செய்த ப்ராஜெக்டில் உன் கையால் செய்தது எது?" அந்தக் கேள்விக்கு அங்கேயே எல்லோரையும் நான்கு வரி எழுதச் சொன்னபோது பாதிப் பேருக்கு இரண்டாவது வரி வரவில்லை. இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று, ப்ராஜெக்ட் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அந்த ரெண்டு வருஷமும் வீட்ல என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள், நினைவிருக்கிறதா? மூன்று வருடத்தில் என் வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "ஆறு மாசம் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்ன அன்னிக்குத்தான் தூங்கினேன்" என்றாய். செவ்வாய்க்கிழமை அவள் என் அறைக்கு வந்தாள். இரண்டு தாள் பாக்கி இருப்பதை வீட்டில் சொல்லிவிட்டாளாம். அப்பா கோபித்துக்கொண்டாராம், ஆனாலும் மறுநாள் காலை படிக்க அவரே எழுப்பிவிட்டாராம். அக்காவிடம் சொல்லுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டதால்தான் எழுதுகிறேன். எங்களால் அவளுக்குச் சொல்ல முடியாததை உன்னால் சொல்ல முடிந்தது. அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனவள் நீ.

நால்வரும் உங்கள் விடுப்பையும் ஓய்வையும் விட்டுக்கொடுத்து வந்தீர்கள். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் 31 பேருடைய ரெஸ்யூமேக்களைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தீர்கள். திருத்தியதை எல்லோரும் மறுபடி எழுதி வந்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆளாளுக்கு எழுதினால் உங்களால் தாங்க முடியாது. சந்தேகங்களை நானே தொகுத்து மாதம் ஒரு முறை அனுப்புகிறேன், முடிந்தபோது பதில் எழுதுங்கள், போதும். முதல் தொகுப்பு இத்துடன் இருக்கிறது. மொத்தம் ஏழு கேள்விகள், ஆறாவது என்னுடையது.

அன்புடனும் மனம் நிறைந்த நன்றியுடனும்,
உங்கள் பகுப்பாய்வு வேதியியல் ஆசிரியை,
துறை ஆசிரியர்கள் அனைவரின் சார்பாக